நவ்ரூஸ் வாழ்த்தும் தாரோஃப் பதிலும்: ஈரானியப் புத்தாண்டு உபசாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் 20 அல்லது 21-ஆம் தேதி ஈரானிய நண்பர் ஒருவருக்கு ‘நவ்ரூஸ் மொபாரக்’ என்று செய்தி அனுப்புகிறீர்கள். சற்று நேரத்தில் நீண்ட பதில் வருகிறது. உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் வாழ்த்து, நூறாண்டு இப்படியே நலமாக இருக்க வேண்டும் என்ற வேண்டுதல், நினைவில் வைத்து வாழ்த்தியதற்கு நன்றி, ‘ஒருநாள் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும், இது உங்கள் வீடு’ என்ற அழைப்பு. ‘நன்றி, நாளை வருகிறேன்’ என்று எழுதினால் அவர் திகைத்துப் போவார். ஒன்றும் எழுதாமல் விட்டால் மனம் வருந்துவார். இரண்டுக்கும் நடுவே என்ன எழுத வேண்டும், அவர் வீட்டுக்குப் போனால் என்ன பேச வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் பொருள்.

இந்த உரையாடலை நடத்திச் செல்வது ‘தாரோஃப்’ என்ற உபசார முறை. பேசுகிறவர் தன்னைத் தாழ்த்தி எதிரில் இருப்பவரை உயர்த்துகிறார். எதிரில் இருப்பவர் அந்த உயர்வை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் திருப்பித் தருகிறார். ஒருவர் கொடுக்க முன்வந்தால் மற்றவர் முதலில் மறுக்கிறார், கொடுப்பவர் வற்புறுத்துகிறார், பிறகுதான் பெற்றுக்கொள்வது. இதை வெறும் பாசாங்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கொடுப்பவர் உண்மையிலேயே கொடுக்க விரும்புகிறாரா, பெறுபவருக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதை யாருடைய முகமும் கோணாமல் கண்டறிவதற்கு இந்தச் சுற்றுகள் அவகாசம் தருகின்றன. நவ்ரூஸ் நாட்களில் ஊரே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவதால், தாரோஃபை அதன் முழு அளவில் அப்போதுதான் பார்க்க முடியும்.

முதல் படி: எப்போது, யார் முதலில் வாழ்த்துவது

ஈரானில் புத்தாண்டு நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் வான நடுக்கோட்டைக் கடக்கும் வசந்த சமஇரவுக் கணத்தில் பிறக்கிறது. அதற்குப் பெயர் ‘தஹ்வீலெ ஸால்’. நாளும் நேரமும் ஆண்டுதோறும் மாறும். ஈரானிய ஆண்டு 1404 பிறந்தது 2025 மார்ச் 20 அன்று, தெஹ்ரான் நேரப்படி பகல் 12 மணி 31 நிமிடம் 30 விநாடிக்கு. அந்தக் கணத்தில் குடும்பத்தார் ‘ஹஃப்த் ஸீன்’ விரிப்பைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். பாரசீக மொழியில் ‘ஸீன்’ எழுத்தில் தொடங்கும் ஏழு பொருட்கள் அதில் இருக்கும்: முளைவிட்ட கோதுமை, ஆப்பிள், பூண்டு, வினிகர் போன்றவை. கணம் கடந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துவார்கள். உடனே தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும்.

அதற்கு முன்பே வாழ்த்த நேர்ந்தால் ‘பீஷாபீஷ் மொபாரக்’ என்று சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லும் வாழ்த்து அது. விடுமுறைக்கு முன் அலுவலகத்தில் கடைசியாகச் சந்திக்கும் நாளில் இது மிகவும் பொருந்தும். புத்தாண்டு பிறந்தபின் ‘எய்தெ ஷொமா மொபாரக்’ அல்லது ‘ஸாலெ நோ மொபாரக்’ எனலாம். முன்னது உங்கள் திருநாளை வாழ்த்துவது, பின்னது புத்தாண்டை. பண்டிகைக் காலம் 13 நாட்கள் நீள்கிறது. அதற்குள் எப்போது வாழ்த்தினாலும் முறைதான். ஆனால் இளையவர்தான் மூத்தவரை முதலில் அழைக்க வேண்டும், மூத்தவரின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். பேராசிரியரோ, மேலதிகாரியோ, நண்பரின் தந்தையோ உங்களை முந்திக்கொண்டு வாழ்த்திவிட்டால், பதிலின் முதல் வரியே அதற்கான வருத்தமாக இருக்கட்டும்: ‘ஷர்மந்தே, மன் பாயத் ஸங் மீஸதம்’. வெட்கமாக இருக்கிறது, நான்தான் அழைத்திருக்க வேண்டும் என்று பொருள்.

இரண்டாம் படி: பேச்சின் தளத்தைத் தேர்ந்துகொள்ளுதல்

பாரசீகத்தில் ‘தொ’ என்றால் நீ, ‘ஷொமா’ என்றால் நீங்கள். ஐயம் இருந்தால் ‘ஷொமா’தான். மரியாதைப் பேச்சில் வினைச்சொற்களும் இரண்டாகப் பிரிகின்றன. அவர் வருவது ‘தஷ்ரீஃப் ஆவர்தன்’, எழுந்தருளுதல் என்பதைப் போல. நான் வருவது ‘கெத்மத் ரெஸீதன்’, உங்கள் பணிக்கு வந்து சேர்தல். அவர் பேசுவது ‘ஃபர்மூதன்’, நான் பேசுவது ‘அர்ஸ் கர்தன்’. முன்னது ஆணையிடுவதையும் பின்னது விண்ணப்பிப்பதையும் குறிக்கும். இவற்றை இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் தலைகீழாகிவிடும். ‘நான் எழுந்தருள்கிறேன், நீங்கள் பணிக்கு வாருங்கள்’ என்று சொன்னதாக ஆகும். புதியவர்கள் இத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘கெத்மத் மீரெஸீம்’ (உங்களிடம் வந்து சேர்கிறோம்), ‘தஷ்ரீஃப் பியாரீத்’ (நீங்கள் எழுந்தருளுங்கள்) என்ற இரண்டையும் சரியான பக்கத்தில் வைத்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாம் படி: பதிலைக் கட்டுதல்

நல்ல பதிலில் மூன்று அடுக்குகள் இருக்கும். முதலில் வாழ்த்தைத் திருப்பித் தர வேண்டும்: ‘எய்தெ ஷொமா ஹம் மொபாரக்’, உங்களுக்கும் வாழ்த்து. இரண்டாவதாக, பெற்றதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: ‘ஸத் ஸால் பெ ஈன் ஸால்ஹா’, இதுபோல் நூறாண்டு வாழ்க. அவர் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டால் நீங்கள் வேறொன்றைச் சேருங்கள். உடல்நலம், மகிழ்ச்சி, பிள்ளைகளின் படிப்பு என்று அவருக்குப் பொருந்தும் ஒன்று. மூன்றாவதாக, வட்டத்தை அவருடைய வீட்டாருக்கும் விரிக்க வேண்டும்: ‘பெ கானெவாதே ஸலாம் பெரெஸூனீத்’, குடும்பத்தாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த மூன்றாவதைத்தான் வெளிநாட்டவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ஈரானிய நண்பருக்கு அந்தக் குறை சட்டென்று தெரியும்.

‘ஹம்சனீன்’, அதாவது ‘அவ்வாறே உங்களுக்கும்’ என்ற ஒற்றைச் சொல் பதிலும் உண்டு. மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டாருக்கும், ஒரே படத்தை நூறு பேருக்கு அனுப்பியவருக்கும் அது போதும். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதியவருக்கு அதை மட்டும் அனுப்பினால் கதவைச் சாத்தியது போலாகிவிடும்.

பாராட்டு வந்தால் அதைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. ‘எவ்வளவு அழகாகப் பாரசீகம் எழுதுகிறீர்கள்’ என்று அவர் எழுதினால் ‘லொத்ஃப் தாரீத்’ என்று பதில் எழுதுங்கள். அது உங்கள் அன்பு என்று பொருள். பாராட்டு அவருடைய பெருந்தன்மையாக அவரிடமே திரும்பிவிடும்.

நான்காம் படி: அழைப்பின் எடையை அறிதல்

பதிலின் இறுதியில் வரும் ‘வீட்டுக்கு வாருங்கள்’ என்பதே எல்லோரையும் குழப்புவது. ஈரானியர்களிடமே ‘ஷா அப்தொல்அஸீமி தாரோஃப்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. தெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரில் உள்ள ஷா அப்தொல்அஸீம் திருத்தலத்துக்குப் போகும் தலைநகரவாசிகள் மாலைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். அது தெரிந்தே உள்ளூர்க்காரர்கள் ‘இரவு தங்கிப் போங்கள்’ என்று அழைப்பார்களாம். நிறைவேற வாய்ப்பில்லாத அழைப்புக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

உண்மையான அழைப்பை அடையாளம் காண எளிய வழி, அதில் நாளும் வேளையும் இருக்கிறதா என்று பார்ப்பது. ‘ஒருநாள் வர வேண்டும்’ என்பது அன்பின் வெளிப்பாடு மட்டுமே. அதற்குரிய பதில் ‘ஹத்மன் கெத்மத் மீரெஸீம்’, கட்டாயம் வந்து சேர்கிறோம் என்பது. நாள் குறிக்காமல் விட்டுவிட வேண்டும். ‘மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிறோம், வாருங்கள்’ என்றால் அது உண்மை. அப்போதும் ‘உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமே’ என்று ஒருமுறை பின்வாங்குங்கள். அவர் மீண்டும் அதே நாளையும் நேரத்தையும் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சைப் பொதுவாக்கி ‘உங்களுக்கு வசதிப்பட்டபோது’ என்று தளர்த்தினால், அவருக்கு ஏதோ இடைஞ்சல் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று முறை மறுக்க வேண்டும் என்று பலரும் எழுதுவதைப் பார்க்கிறேன். எண்ணிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நெருங்கிய நண்பரிடம் ஒருமுறை போதும். பெரியவரிடம் இருமுறை, மும்முறை நீளலாம். வற்புறுத்தலின் சூடு ஏறுகிறதா, தணிகிறதா என்பதைக் கவனிப்பதே சரியான அளவுகோல்.

ஐந்தாம் படி: வீட்டுக்குப் போய் வருதல்

ஷீராஸில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் மனைவியும் எட்டு வயது மகளும் பண்டிகையின் மூன்றாம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போகிறீர்கள். கையில் பூங்கொத்து. இந்தச் சந்திப்புக்கு ‘எய்த் தீதனீ’ என்று பெயர்.

கதவைத் திறந்ததும் ‘பெஃபர்மாயீத்’ என்பார். உள்ளே வருவதற்கும், உட்காருவதற்கும், எடுத்துக்கொள்வதற்கும், முன்னே நடப்பதற்கும் இந்த ஒரே சொல்தான். நீங்கள் முதலில் வாழ்த்துங்கள். அதே வேளையில் அவரும் வாழ்த்துவார். இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது இயல்பு. ஆண்களுக்குள் கைகுலுக்கி, நெருக்கம் இருந்தால் கன்னத்தில் முத்தமிடுவார்கள், பெண்களுக்குள்ளும் அப்படியே. அவர் மனைவிக்கு நீங்களாகக் கைநீட்ட வேண்டாம். வலக்கையை நெஞ்சில் வைத்துச் சற்றுத் தலைகுனிந்தால் போதும். அவரே கைநீட்டினால் குலுக்கலாம்.

பூங்கொத்தைப் பெற்றதும் ‘ஏன் இந்தச் சிரமம்? நீங்களே பூதான்’ என்பார்கள். ‘காபெலெ ஷொமா ரோ நதாரெ’ என்று சொல்லுங்கள், உங்கள் தகுதிக்கு இது ஒன்றுமில்லை. ‘மிகவும் தேடி வாங்கினோம்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கூடத்தில் உங்களை வாசலிலிருந்து விலகிய மேல் இருக்கைக்கு அழைப்பார். நீங்கள் கதவருகே உட்காரப் போங்கள், அவர் விடமாட்டார், பிறகு நடுவில் எங்காவது அமரலாம். அவருடைய வயதான தாயார் அறையில் இருந்தால் மேல் இருக்கை அவருக்குரியது; அங்கே எத்தனை முறை அழைத்தாலும் உட்காரக் கூடாது.

உட்காரும்போது உங்கள் முதுகு யார் பக்கமாவது திரும்பியிருந்தால் ‘பெபக்ஷீத், போஷ்தம் பெ ஷொமாஸ்த்’ என்று மன்னிப்புக் கேளுங்கள். அவர் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது: ‘கோல் போஷ்த் ஓ ரூ நதாரெ’. பூவுக்கு முன்புறம் பின்புறம் கிடையாது. காரின் முன்னிருக்கையில் அமர்ந்தவர் பின்னால் இருப்பவர்களிடம் பேசும்போதும் இதே உரையாடல் நடக்கும்.

தேநீர்த் தட்டு முதலில் மூத்தவரிடம் போகும். உங்களிடம் வரும்போது ‘முதலில் நீங்கள்’ என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். தேநீரை முற்றிலும் மறுப்பது முறையல்ல. விருப்பமில்லை என்றால் வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மிடறு குடித்துவிட்டு விட்டுவிடலாம். பிறகு ‘ஆஜீல்’ எனப்படும் பிஸ்தா, பாதாம் முதலிய பருப்புக் கலவை, இனிப்பு, பழம். வெள்ளரிக்காயும் பழத்தட்டில்தான் இருக்கும், உப்போடு. ஆளுக்கொரு சிறிய தட்டும் கத்தியும் தருவார்கள். ‘வேண்டாம், போதும்’ என்று நீங்கள் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் தன் கையாலேயே உங்கள் தட்டில் பழங்களை வைப்பார். முழுவதையும் தின்ன வேண்டியதில்லை. ஆரஞ்சை உரித்ததும் வாயில் போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் தட்டை நீட்டி ‘பெஃபர்மாயீத்’ என்று சொல்வது முக்கியம். அவர் ‘நூஷெ ஜான்’ என்பார், உங்கள் உயிருக்கு இனிமையாகட்டும் என்று பொருள். அதன் பிறகு சாப்பிடுங்கள். அவர் ஒரு சுளை எடுத்துக்கொண்டாலும் வியப்படைய வேண்டாம்.

ரமலான் நோன்பு நாட்களில் நவ்ரூஸ் வரும் ஆண்டுகள் உண்டு. 2024, 2025 இரண்டும் அப்படித்தான். அப்போது நோன்பிருக்கும் வீட்டுக்குப் பகலில் போகாமல் நோன்பு திறந்தபின் போவதே நல்லது. நோன்பு வைத்தவரை உண்ணச் சொல்லி வற்புறுத்துவது எந்த உபசாரத்திலும் சேராது.

சுவரில் தொங்கும் கைவேலைப்பாட்டை உங்கள் மனைவி வாய்விட்டுப் புகழ்கிறார். உடனே வீட்டுக்காரி ‘பீஷ்கெஷ்’ என்பார். அது உங்களுக்கே காணிக்கை என்று அர்த்தம். கழற்றித் தரவும் எழுந்துவிடுவார். பெறக் கூடாது. ‘மொபாரகெ ஸாஹெபெஷ்’, உரியவருக்கே மங்களமாக இருக்கட்டும் என்று சொல்லி அமர்த்துங்கள். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் புகழ்ந்தால் அவருக்குத் தர்மசங்கடம் கூடும். ஆகவே ஒருமுறை போதும்.

அடுத்தது ‘எய்தீ’. மூத்தவர் இளையவருக்குத் தரும் புத்தாண்டுப் பணம். பல வீடுகளில் மடிப்புக் கலையாத புது நோட்டுகளைக் குர்ஆனின் பக்கங்களுக்கிடையே வைத்திருந்து எடுத்துத் தருவார்கள். ஆசிரியர் உங்கள் மகளை அழைக்கிறார். அவள் தயங்கி உங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் ‘ஷர்மந்தே கர்தீத்’, எங்களை வெட்கப்பட வைத்துவிட்டீர்கள் என்று தடுக்க வேண்டும். அவர் ‘தோஷ்மனெதூன் ஷர்மந்தே’, உங்கள் பகைவர் வெட்கப்படட்டும் என்று சொல்லி மீண்டும் நீட்டுவார். இப்போது மகள் வாங்கிக்கொண்டு ‘தஸ்தெதூன் தர்த் நகொனெ’ என்று சொல்லட்டும், உங்கள் கை நோகாதிருக்கட்டும். அவர் ‘ஸரெத் தர்த் நகொனெ’ என்பார், உன் தலை நோகாதிருக்கட்டும். முதியவர் தரும் எய்தீயை இறுதிவரை மறுப்பது அவருடைய ஆசியையே மறுத்ததாகும். ஆகவே தாரோஃபில் மறுப்பு ஒருபோதும் வெல்லக் கூடாத இடம் இது. எத்தனை நோட்டு என்று அங்கேயே எண்ணக் கூடாது என்பதை மகளுக்கு வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

அரை மணி, முக்கால் மணி ஆனதும் எழுந்துவிடுங்கள். அடுத்த விருந்தினர் வாசலில் வந்து நிற்கக்கூடும். ‘மொஸாஹெம் ஷொதீம்’, தொந்தரவு கொடுத்துவிட்டோம் என்று தொடங்குங்கள். ‘மொராஹெமீத்’, நீங்கள் வந்தது எங்களுக்கு அருள் என்று பதில் வரும். ‘இன்னும் நேரமாகவில்லையே, இரவு உணவுக்கு இருங்கள்’ என்பார்கள். அடுப்படியில் அரிசி வேகும் மணம் இல்லை, விரிப்பு போடவில்லை, முன்பே உணவுக்கு அழைக்கவும் இல்லை என்றால் அது உபசாரச் சொல்தான். ‘இன்னொரு சந்தர்ப்பத்தில் கெத்மத் மீரெஸீம்’ என்று விடைபெறுங்கள். சமைத்து வைத்துக்கொண்டு, நீங்கள் செருப்பு மாட்டும்போதும் கையைப் பிடித்து இழுத்தால், இருந்து சாப்பிட்டுவிட்டே போங்கள்.

வாசலில் இன்னொரு உரையாடல் பாக்கி இருக்கிறது. அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைக்காமல் கிளம்பக் கூடாது. மூத்தவர் இளையவர் வீட்டுக்குத் திரும்ப வருவதற்கு ‘பாஸ்தீத்’ என்று பெயர். 13 நாட்களுக்குள் அது நடந்துவிட வேண்டும் என்பது வழக்கம். ‘மொந்தஸெரெதூன் ஹஸ்தீம்’, உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். உண்மையாகவே அழைக்கிறீர்கள் என்றால், மேலே சொன்னபடி நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கே தவறுகிறது

‘தாரோஃப் ஆமத் நயாமத் தாரெ’ என்று ஒரு சொலவடை இருக்கிறது. உபசாரத்துக்காகச் சொன்னதை எதிரில் இருப்பவர் ஏற்றுக்கொண்டுவிடவும் கூடும் என்று எச்சரிப்பது அது. உங்களால் செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். ‘எத்தனை நாள் வேண்டுமானாலும் எங்கள் வீட்டில் தங்குங்கள்’ என்று நீங்கள் சொல்லி, பெட்டியோடு ஒரு குடும்பம் வந்து நின்றால் தவறு அவர்களுடையதல்ல.

நீங்கள் பணம் கொடுக்கும்போது டாக்ஸி ஓட்டுநரும் கடைக்காரரும் ‘காபெல் நதாரெ’, இது ஒன்றுமில்லை என்பார்கள். இலவசம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். ‘கஹெஷ் மீகொனம்’, தயவுசெய்து என்று சொல்லி மறுபடி நீட்டுங்கள், தொகையைச் சொல்லிவிடுவார்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. பசியோடு இருக்கும் விருந்தினர் ‘வேண்டாம்’ என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு தட்டை உள்ளே கொண்டுபோய்விடுவது. ஈரானிய நண்பர் உங்கள் வீட்டுக்கு வந்தால், கேட்டுக்கொண்டிருக்காமல் அவர் முன்னால் தட்டை வைத்துவிடுங்கள். உங்களுக்கே உண்மையில் எதுவும் வேண்டாமென்றால் ‘தாரோஃப் நெமீகொனம்’, உபசாரத்துக்காகச் சொல்லவில்லை என்று தெளிவாகச் சொல்லி, மருத்துவர் இனிப்பைத் தவிர்க்கச் சொன்னார் என்பது போன்ற காரணத்தையும் சேருங்கள். காரணம் இல்லாமல் சொன்னால் அதையும் தாரோஃப் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வாழ்த்தக் கூடாத வீடு

கடந்த ஓராண்டில் யாரேனும் இறந்துபோன வீட்டுக்கு அது துக்கத்தோடு வரும் முதல் பண்டிகை. உறவினரும் நண்பர்களும் மற்ற வீடுகளுக்கு முன்பாக அங்கேதான் போவார்கள். கதவு திறந்ததும் ‘மொபாரக்’ என்று சொல்லக் கூடாது. ‘கமெ ஆகரெதூன் பாஷெ’, இதுவே உங்கள் கடைசித் துயரமாக இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அங்கே மறுப்பும் வற்புறுத்தலும் குறைவு. தேநீரைக் கொடுத்ததும் பெற்றுக்கொள்ளுங்கள், சற்று நேரம் உடன் அமர்ந்திருங்கள். செய்தி அனுப்புவதாக இருந்தாலும் இதே விதிதான். மார்ச் மாதத்தில் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பும் முன், அப்படிப்பட்ட நண்பர்களின் பெயர்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள்.